வாசல்வரை வந்த மழை

1934ஆம் ஆண்டு, ஜனவரியில் மூவிராசாக்கள் திருநாள் கழிந்த மறுவாரம், மதலேனா பன்வில மலையிலிருந்து கலகெதரவுக்கு மணப்பெண்ணாக இறங்கி வந்தாள். அன்று பன்விலயில் விடியற்காலம் தொடங்கியே மழை. கோயிலில் மாலை மாற்றிக்கொண்டபோது குருவானவரின் குரல் தகரக் கூரையின் இரைச்சலில் பாதிதான் கேட்டது. வட்டேகமை தாண்டியதும் மழை தூறலாயிற்று. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வெறும் மூட்டம். அதற்கப்பால் குருநாகல் வீதியில் திரும்பி மேட்டைக் கடந்தபோது வானம் துடைத்து வைத்த பீங்கான் போலிருந்தது. புகுந்த வீட்டு முற்றத்தில் புழுதி பறந்துகொண்டிருந்தது. அந்தப் புழுதியில், நீர் சொட்டும் சேலையோடு அவள் வலக்காலை எடுத்து வைத்தாள்.

இதில் அதிசயம் எதுவும் இல்லை. மார்கழியிலும் தையிலும் காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. கடலிலிருந்து கொண்டுவரும் நீரை அந்தப் பக்கத்து மலைகளில் முட்டிக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு மேற்கே இறங்குகிறது. பன்வில, மடுல்கெல்ல மலைகளில் தேயிலை நனையும் அதே நாளில் கலகெதரவில் நெல் காயப்போடலாம். வைகாசி பிறந்தால் காற்று திசை மாறும். அப்போது மேற்கு முகத்துக்குத்தான் முதல் மழை. மலைகளுக்கு இரண்டு பக்கம் இருப்பதால் மழைக்கும் இரண்டு முறை. பன்விலயில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கலகெதரவிலேயே இருந்து பழகியவர்களுக்கோ இதை நினைத்துப் பார்க்கும் தேவை ஏற்படுவதில்லை.

அவள் வந்து சேர்ந்தது யாகப்பரின் வீடு. மாமனார் யாகப்பர் ஒரு காலத்தில் தோட்டத்து மாட்டுவண்டி ஓட்டியவர். பின்னர் மேட்டு நிலத்தில் ஒரு துண்டு வாங்கி மரக்கறி போட்டார். ஓயா என்று அழைக்கப்படும் சிற்றாற்றின் கரையில் கொஞ்சம் வயலை, விளைச்சலில் பாதி கொடுக்கும் ஏற்பாட்டில் செய்தார். மாமியார் யோசப்பின் அந்த வயலின் ஒவ்வொரு மடையையும் காலால் அறிந்தவள். மூத்த மகன் மத்தியாஸ், மதலேனாவின் கணவன், ஏர் பிடித்தான், அதிகம் பேசமாட்டான். இளையவன் சுவக்கின் கண்டியில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தான். அந்த அச்சகத்திலிருந்து வெளிவந்த ‘மலைத்தீபம்’ என்ற மாத இதழில் அவனே ஒரு தொடர்கதையும் எழுதினான். ‘ஓயாக்கரைக் குடும்பம்’ என்று பெயர். ஓர் உழவர் வீடு, அதன் வயல், அதற்கு மேலுள்ள வானம்: கதை அவ்வளவுதான். கண்டியிலும் தோட்டங்களிலும் அதைக் காத்திருந்து படித்தார்கள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. இதழ் வந்த ஞாயிறன்று, மாலைச் செபமாலை முடிந்ததும், யாகப்பர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மகனின் அத்தியாயத்தை உரக்க வாசிப்பார். யோசப்பினுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒருமுறை கேட்டது அவளிடமிருந்து தப்பாது. மந்திரம் போல் அப்படியே திருப்பிச் சொல்வாள்.

மாசியில் வந்த அத்தியாயத்தில் கதைக்குள் ஒரு மருமகள் வந்தாள், பெயர் அன்னம்மாள். அவளும் மலைக்கு அப்பாலிருந்து, அவளும் நனைந்த சேலையோடு. அத்தியாயத்தின் கடைசி வரியை யாகப்பர் இரண்டு தடவை வாசித்தார்: “மழை அவளை வாசல்வரை வந்து வழியனுப்பியது; பின், ஏதோ நினைத்துக்கொண்டதுபோல, திரும்பிப் போயிற்று.”

“நம்ம மதலேனா வந்த நாளு மாதிரியே இருக்குல்ல,” என்றார் யாகப்பர், பெருமையாக.

மதலேனாவுக்கும் அப்போது அது பிடித்தது. தன்னை ஒருவர் புத்தகத்தில் எழுதுவார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை. இரவு சட்டி கழுவும்போது அந்த வரியை முணுமுணுத்துக்கூடப் பார்த்தாள்.

சித்திரையில் பின்னேர இடிமழை நாலைந்து பெய்தது. அதை நம்பி விதைத்தார்கள். வைகாசிக்காற்று வந்தது. மழை வரவில்லை. மேற்கே மேகம் கறுக்கும். எல்லோரும் வெளியே வந்து நிற்பார்கள். காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆனியில் பயிர் நுனி மஞ்சளித்தது. ஆடியில் மத்தியாஸ் மாட்டை வயலுக்குள் மேயவிட்டான். அன்று யோசப்பின் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, யாரையும் பார்க்காமல், சொன்னாள்: “ஏதோ நினைச்சுக்கிட்ட மாதிரி திரும்பிப் போயிருச்சு.”

அது அச்சில் வந்த அதே வரி. மதலேனாவின் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு கனத்தது.

அதன்பிறகு அந்த வரிக்குக் கால் முளைத்தது. கிணற்றடியில் அதைச் சொன்னார்கள். கடையில் சொன்னார்கள். ஒருத்தி மதலேனாவின் முகத்துக்கு நேரேயே, “உன் கூட வந்த மழைய எங்கடி வச்சிருக்க? அவுத்து விடேன்,” என்று சிரித்தாள். மதலேனாவும் சிரித்துவைத்தாள். கதையிலோ வறட்சி அத்தியாயத்துக்கு அத்தியாயம் முற்றியது. சுவக்கின் வீட்டுக்கு வரும் ஞாயிறுகளில் வயலைப் பார்த்துவிட்டுப் போவான். அடுத்த இதழில் வெடித்த வயல் அப்படியே வந்துவிடும். வானம் பார்த்து எழுதுகிறான் என்று மெச்சினார்கள். ஊரோ அவன் எழுத்தைப் பார்த்துத்தான் வானத்தைப் படித்தது.

அந்த ஆண்டு ஓயா ஓடவில்லை. மற்ற ஆண்டுகளில் அது கல்லும் மணலும் அடித்து ஓடுகிற நீர். கொசு முட்டையிட்டாலும் அடுத்த வெள்ளம் கழுவிக்கொண்டு போய்விடும். இப்போது பாறைகளுக்கிடையே குட்டை குட்டையாகத் தேங்கி, வெயில் அடிவரை இறங்கும் தெளிந்த தண்ணீராய் நின்றது. பெண்கள் அதில்தான் துணி துவைத்தார்கள். அள்ளினால் உள்ளங்கையில் சிறு புழுக்கள் நெளியும், வடிகட்டிக்கொண்டார்கள். ஐப்பசியில் இடியோடு மழை தலைகாட்டியது. கும்பிட்டு வரவேற்றார்கள். ஆனால் அதற்குள் மலேரியாக் காய்ச்சல் வந்துவிட்டது. குளிர் நடுக்கும், பற்கள் அடித்துக்கொள்ளும், பிறகு உடம்பு அனலாகும், வேர்த்து விடும், ஒருநாள் விட்டு மீண்டும் அதே நேரத்துக்கு வந்து நிற்கும். வீதியோரம் பாயில் படுத்துக் கிடந்தவர்களைப் பார்க்காமல் கடைக்குப் போக முடியவில்லை. சிறு சவப்பெட்டிகளைத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். சுகாதாரப் பகுதியார் வந்து கொசு ஒழியக் குட்டைகளில் எண்ணெய் ஊற்றினார்கள், காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுத்தார்கள்.

யாகப்பர் விழுந்தார், எழுந்தார். மத்தியாஸ் விழுந்தான், மெல்லத்தான் எழுந்தான். மதலேனாவுக்கு அப்போது ஐந்து மாதம். இருவருக்கும் கஞ்சி வைத்து, கொயினாவைத் தேனில் குழைத்துக் கொடுத்து, வேர்த்த துணிகளை அலசியவள் அவள்தான். அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை. நல்லதென்று சொல்லவேண்டியதையும் மாமியார் யோசப்பின், மருமகளின் குற்றக் கணக்கில் எழுதினாள்: “வீட்ல எல்லாரையும் படுக்க வச்சிட்டு இவ மட்டும் நடமாடுறா.”

யோசப்பின் கெட்டவள் அல்லள். இரண்டு ஆண்களும் ஒரே பாயில் நடுங்குவதைப் பார்த்த பெண். பயத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அவள் மகனே அதை வரைந்தும் கொடுத்திருந்தான்.

கார்த்திகை இதழ் வந்தபோது யாகப்பர் படுக்கையிலிருந்தே வாசித்தார். கதையில் ஊர்ப் பூசாரி வானத்தை அண்ணாந்து பார்க்கிறான். கடைசி வரி: “வானம் யாரையோ கேட்டது.”

“கேட்டா கொடுக்க வேண்டியதுதான்,” என்றாள் யோசப்பின். பிறகு மதலேனாவின் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல், “தை பொறந்ததும் நீ உங்க அம்மா வீட்டுக்குப் போயிரு. நானே கொண்டு போய் விடுறேன்,” என்றாள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எல்லோருக்கும் உள்ள முறைதான். ஆனால் அதற்கு ஒழுங்கு உண்டு. ஏழாம் மாதத்தில் தாய்வீட்டார் சோறு ஆக்கிக் கட்டிக்கொண்டு வந்து, சபையில் கேட்டு, அழைத்துப் போவார்கள். மாமியாரே கொண்டுபோய் விடுவதென்றால் அது அனுப்புவதல்ல; திருப்புவது. மத்தியாஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். காய்ச்சல்காரன் என்று மதலேனா தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள்.

மறுநாள், கொயினா வாங்க என்று சொல்லிவிட்டு, அவள் கண்டிக்குப் பஸ் ஏறினாள்.

அச்சகம் ஓர் ஒடுக்கமான சந்தில் இருந்தது. எழுத்துப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றிருந்த சுவக்கின் அவளைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். “என்ன மதினி, வீட்ல யாருக்கும்…”

“யாருக்கும் ஒண்ணும் இல்ல. எனக்குத்தான். கொழுந்தனாரே, அன்னம்மாள என்ன செய்யப் போறீங்க?”

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். முதலாளியின் கதிரையை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

“செத்துப் போவா,” என்றான் கடைசியில். “அன்னிக்குத்தான் மழை வரும்.”

“ஏன்?”

“முதல்லயே அப்படிப் போட்டாச்சே மதினி. கதையில வானத்தச் சும்மா வைக்க முடியாது. ஆள் அழுவுறதுக்கு முன்னாடி வானம் இருட்டணும். இல்ல, ஆள் அழும்போது வானம் கண்டுக்காம பளீர்னு இருக்கணும். அது இன்னும் வலிக்கும். குறின்னா, போற போக்குல ஒரு வரியில போட்டுட்டுப் பேசாம இருந்துரணும். கதைக்காரன் வெளக்கவே கூடாது. படிக்கிறவங்க அத அவங்களே கண்டுபிடிச்ச மாதிரி மனசுல வச்சிக்குவாங்க. பெறகு கெட்டது நடக்கும்போது, ‘அன்னிக்கே தெரிஞ்சுச்சு’ன்னு சொல்லுவாங்க. சொல்ல வைக்கணும். மழை திரும்பிப் போச்சுன்னு போட்டவன் அத ஒருநாள் கூட்டிட்டு வரணும். சும்மா வந்தா மதிப்பில்ல.”

மதலேனா கவனமாகக் கேட்டாள். அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அந்த வேலை அப்படித்தான் நடக்கிறது. தன் மாமியாரிடம் அது சொன்னபடியே நடந்தும் விட்டது.

“என் கல்யாணத்தன்னிக்கு எங்க கோயில்ல இன்னும் ரெண்டு கல்யாணம்,” என்றாள். “அவளுகளும் நனைஞ்சுதான் போனாளுக. ஒருத்தி மாத்தளைக்கு, ஒருத்தி மடுல்கெல்லைக்கு. மடுல்கெல்லைக்குப் போனவளுக்கு மழை வாசலோட நிக்கல, உள்ள வரைக்கும் ஒழுகுச்சாம். அவளுகள ஏன் எழுதல?”

“அது கதைக்கு வேண்டாம்.”

“அப்ப குறிங்கிறது நீங்க எழுதுன மழை இல்ல. எழுதாம விட்ட மழை.”

சுவக்கின் மையேறிய விரல்களை மீண்டும் துடைத்தான். பக்கத்தில் இருந்த அச்சு எந்திரம் தட்டித் தட்டி ஓய்ந்தது.

“உங்க அம்மா என்னத் திருப்பி விடப் போறாங்க. தை மாசம். நீங்க எழுதுன அந்த வரிய வச்சுத்தான். மழைய நீங்கதான் திருப்பி அனுப்புனீங்க, நீங்களே ஒரு வழி பண்ணுங்க.”

“அச்சுல வந்தத அழிக்க முடியாது மதினி.”

“அழிக்கச் சொல்லல. அது ஏன் திரும்பிப் போச்சுன்னு எழுதுங்க.”

அவன் எழுதினான். அச்சுக்குப் போக இருந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு வேறொன்றை அவனே நேரே எழுத்தாகக் கோத்தான் என்று அச்சகத்தில் பின்னர் சொன்னார்கள். இதழாசிரியர் நடராஜா கோபித்தார்: குறி போட்டுக் காட்டிய பிறகு அதை ஏமாற்றினால் வாசகர் மன்னிக்கமாட்டார் என்றார். அவர் சொன்னது தொழில்முறையில் சரிதான். சுவக்கின் ஏமாற்றவில்லை, குறியின் உரிமையாளரை மாற்றினான். புதிய அத்தியாயத்தில் அன்னம்மாள் முதன்முறையாக வாய் திறக்கிறாள். காற்று எங்கிருந்து வருகிறது, மலையின் எந்தப் பக்கத்தில் நீரை இறக்குகிறது, அதே நாளில் அதே மழையில் வேறு யார் யார் நனைந்தார்கள் என்று கூட்டத்தில் சொல்கிறாள். ஓடாத ஓயாவின் குட்டைகளைக் காட்டுகிறாள். அதற்குப் பிறகு ஒரு வரி: “வானம் இந்த ஊருக்குத் தீங்கு செய்தது உண்மை. ஆனால் அதை அவள் கையில் கொடுத்து அனுப்பவில்லை.”

கிறிஸ்து பிறப்பு நாளான நத்தாருக்கு முந்திய ஞாயிறு யாகப்பர் அதை வாசித்தார். அந்த வரியில் வாசிப்பை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மத்தியாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். மதலேனா அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள்.

யோசப்பின் செபமாலையைச் சுருட்டி வைத்தாள். பிறகு சொன்னாள்: “கதையில அவ பேசுறா. கதையில யார் வேணாலும் பேசலாம்.”

முன்பு அதே கதையை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் அவள்தான் என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை. பயத்தை ஊட்டிய வரி உடம்பில் ஊறிவிடுகிறது. பயத்தை நீக்கும் வரி காதோடு நின்றுவிடுகிறது. சுவக்கினுக்குத் தெரியாத தொழில் நுட்பம் இது ஒன்றே.

மூவிராசாக்கள் திருநாள் முடிந்ததும் யோசப்பின் மருமகளின் டிரங்குப் பெட்டியை இறக்கிவைத்தாள். பிரசவத்துக்குப் போகிறவள் இரண்டு மாற்றுச் சேலையோடு போவாள். பெட்டி கணவன் வீட்டில் இருக்கும். மதலேனாவின் கல்யாணச் சேலை, செபப்புத்தகம், கோயிலுக்குப் போடும் முக்காட்டுத் துணி எல்லாவற்றையும் யோசப்பின் தன் கையாலேயே மடித்து அதில் வைத்தாள். மடிப்புகள் ஒழுங்காக இருந்தன. அதுதான் மதலேனாவை அதிகம் வருத்தியது.

பஸ்ஸில் பெட்டி இருவருக்கும் நடுவில் இருந்தது. புறப்படும்போது நல்ல வெயில். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வெயில் மங்கியது. வட்டேகமையில் இறங்கி வண்டி பிடிக்கும்போது தூறத் தொடங்கியிருந்தது. யோசப்பின் வானத்தைப் பார்த்தாள். மேலே ஏற ஏற மழை வலுத்தது. பன்விலவுக்குத் திரும்பும் வளைவில் தேயிலைக்குள் பெண்கள் சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் மழையைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

“எத்தன நாளாப் பெய்யுது?” என்று யோசப்பின் வண்டிக்காரனைக் கேட்டாள்.

“நத்தார்ல இருந்து வுட்டு வுட்டுப் பெய்யுதும்மா. தையில பெய்யாம வேற எப்பப் பெய்யும்? ஒங்க ஊர்ல எப்படி?”

யோசப்பின் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள்.

மதலேனாவின் தாய் பெட்டியைக் கண்டாள். அதைக் கண்டதும் புரிந்துகொண்டாள். ஆனாலும் கோழி அடித்துச் சோறு போட்டாள். பாதையில் மண் சரிந்ததால் யோசப்பின் அன்றும் மறுநாளும் அங்கேயே தங்கவேண்டியதாயிற்று. அந்த இரண்டு நாளும் அவள் வாசற்படியில் உட்கார்ந்து மழையைப் பார்த்தாள். ஒரு சண்டையின்போது எதிராளி முன்வைத்த சாட்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள் என்று மதலேனாவுக்குத் தோன்றியது. மூன்றாம் நாள் காலை, மழை விடாமலே, சாக்கைப் போர்த்திக்கொண்டு புறப்பட்டாள். “வாறேன்” என்று மட்டும் சொன்னாள். மதலேனாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் சென்றது. மதலேனா பெட்டியைத் திறக்கவில்லை. திறந்து சாமான்களை எடுத்து அடுக்கினால் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று இருந்தாள்.

பிறகு ஒருநாள் மத்தியாஸ் வந்தான். காய்ச்சலில் கன்னம் ஒட்டியிருந்தது. தலையிலிருந்து நீர் வழிந்தது. அவன் வந்ததே பெரிது என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. தேத்தண்ணீர் குடித்தான். பிறகு, அவன் வாழ்நாளில் பேசிய மிக நீண்ட பேச்சு என்று மதலேனா பின்னாளில் சொல்லிச் சிரிக்கும் பேச்சைப் பேசினான்.

“அம்மா அன்னிக்கு முழுக்க நனைஞ்சு வந்தாங்க. எங்க ஊர்ல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. முற்றத்துல நின்னு சேலையப் பிழிஞ்சாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் பார்த்துக்கிட்டு நின்னாங்க. அப்பா சும்மா இருப்பாரா, ‘என்னடி, ஒன்னையும் வாசல்வரை வந்து வழியனுப்பிட்டுத் திரும்பிருச்சா’ன்னு கேட்டாரு.”

“அத்தை என்ன சொன்னாங்க?”

“அப்பாவ முறைச்சாங்க. ரெண்டு நாளு யார் கூடயும் பேசல. நேத்து ராத்திரி சோறு போடும்போது சொன்னாங்க, ‘பெட்டிய எடுத்துட்டு வந்துரு’ன்னு.”

மதலேனா நிமிர்ந்தாள். “பெட்டியவா?”

“பெட்டிய மட்டும். ‘அவ புள்ளையப் பெத்துக்கிட்டு வரட்டும். பெட்டி இங்க இருக்கணும், முறைன்னு ஒண்ணு இருக்குல்ல’ன்னாங்க. மத்தபடி ஒண்ணும் சொல்லல.”

மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. மதலேனாவும் அதைத் தேடவில்லை. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். பிரசவத்துக்கு வேண்டிய இரண்டு பழஞ்சேலைகளையும் செபப்புத்தகத்தையும் எடுத்துக்கொண்டாள். கல்யாணச் சேலையை, மாமியார் மடித்த மடிப்புக் கலையாமல், அப்படியே விட்டாள். தாய் கொடுத்த மெழுகுத் துணியைப் பெட்டிமேல் போர்த்திக் கயிற்றால் இறுக்கினாள்.

மத்தியாஸ் வாசலில் நின்று வெளியே பார்த்தான். “கொஞ்சம் விடட்டும். விட்டதும் போறேன்.”

“விடாது,” என்றாள் மதலேனா, பெட்டியை அவன் தலைக்குத் தூக்கிக் கொடுத்தபடி. “வட்டேகமை வரைக்கும் இருக்கும். நனைஞ்சுக்கிட்டே போங்க. அங்க போனதும் கொயினா போட மறந்துறாதீங்க.”